கல்யாண போட்டோ பிரவுச்சர்: நாள் கணக்கா, மணிக் கணக்கா, வேளைக் கணக்கா?

கேரளாவுல பாலக்காடு மாவட்டத்துல, தமிழ்நாட்டு பார்டர ஒட்டி இருக்கற கொழிஞ்சாம்பாறைல நாங்க நடத்துறது சின்ன ஸ்டுடியோதான், கேமரா பாக்குறது என் தம்பி, புக்கிங், பில், ஆல்பம் டிசைன் அனுப்பறதுன்னு மத்ததெல்லாம் நான். புது பிரவுச்சர் அடிக்கணும்னு உக்காந்தப்ப டிசைன், கலர் பத்தி பேசினத விட ரேட்ட எந்தக் கணக்குல போடறதுங்கறதுலதான் எங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப நேரம் போச்சு. மூணு வழி இருக்கு, மூணையும் ஒரே கல்யாணத்த வச்சு போட்டுப் பாத்தோம், அந்தக் கணக்கதான் இங்க அப்படியே எழுதறேன். ஸ்டுடியோ வச்சிருக்கறவங்களுக்கும் ஆகும், வீட்ல கல்யாணத்த வச்சுட்டு நாலு ஸ்டுடியோ பிரவுச்சர கைல வச்சு முழிக்கறவங்களுக்கும் ஆகும்.

முதல்ல அந்தக் கல்யாணம் என்னன்னு சொல்லிடறேன், நம்ம பார்டர் பக்கம் அடிக்கடி வர்ற மாதிரிதான். பொண்ணு பொள்ளாச்சி, மாப்பிள்ளை கொழிஞ்சாம்பாறை. சனிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு பொள்ளாச்சி மண்டபத்துல வரவேற்பு, அது முடிஞ்சு ராத்திரி இணைச்சீர்ங்கற சடங்கு, எல்லாம் முடிய பதினொண்ணு. ஞாயித்துக்கிழம விடியக்காலம் நாலரைக்கு அலங்காரத்துல ஆரம்பிச்சு ஆறுல இருந்து ஏழரைக்குள்ள முகூர்த்தம், டிபன், குடும்ப போட்டோ எல்லாம் முடிய பத்தரை. அன்னைக்கு சாயங்காலமே அஞ்சுல இருந்து ஒன்பது வரைக்கும் இங்க கொழிஞ்சாம்பாறைல மாப்பிள்ளை வீட்டு ரிசப்ஷன். சுத்தமா கணக்கு போட்டா 6 மணி, 6 மணி, 4 மணி, மொத்தம் 16 மணி நேர வேலை.

இப்ப முதல் வழி, எல்லாரும் போடறது. சில்வர் ஒரு நாள் 60,000, கோல்டு ரெண்டு நாள் 1,10,000, பிளாட்டினம் மூணு நாள் 1,75,000. பாக்க அழகா இருக்கும், மூணு கட்டம், நடுவுல இருக்கறத கொஞ்சம் பெருசா போட்டா பாதிப்பேர் அதத்தான் எடுப்பாங்க. பிரச்சன என்னன்னா ஒரு நாள்னா எத்தன மணி நேரம்னு அந்தக் கட்டத்துல எங்கயும் இருக்காது. தமிழ்நாட்டுப் பக்கம் முந்தின நாள் சாயங்காலமும் மறுநாள் காலைலயும் சேந்துதான் "ஒரு கல்யாணம்", வீட்டுக்காரங்க மனசுல அது ஒரு நாள்தான். பாலக்காட்டுப் பக்கம் காலைல ஒன்பது பத்து மணிக்கு தாலிகெட்டு, மதியம் சத்யா விருந்து, நாலு மணிக்கெல்லாம் ஆளு கலைஞ்சிரும், அதுவும் ஒரு நாள். ரெண்டுக்கும் ஒரே ரேட்டுன்னா ஒருத்தர் ஏமாறுவார், அது பெரும்பாலும் கேமராவ தூக்கிட்டு நிக்கறவன்.

நம்ம கல்யாணத்துக்கு கோல்டு எடுத்தா? சனி, ஞாயிறு, ரெண்டு நாள். பொண்ணோட அப்பா கணக்குல ஞாயித்துக்கிழம ராத்திரி பன்னெண்டு வரைக்கும் நாள் இருக்கு, அதனால கொழிஞ்சாம்பாறை ரிசப்ஷனும் அதுக்குள்ளதான். ஸ்டுடியோ கணக்குல முகூர்த்தம் முடிஞ்சதும் வேல முடிஞ்சுது, சாயங்காலம் தனி ஃபங்ஷன். இந்தப் பக்கத்துல ஒரு ஸ்டுடியோவுக்கு இதே சிக்கல் வந்துச்சு, மண்டபத்து வாசல்லயே பேச்சு. "ஏனுங்க தம்பி, ரெண்டு நாளுன்னுதானுங்க அச்சடிச்சிருக்கீங்க, இன்னைக்கு நாளு இன்னும் முடியலைங்களே"ன்னு பொண்ணோட அப்பா கேட்டதுல ஒரு தப்பும் கிடையாது. அச்சடிச்சவங்க பக்கம்தான் ஓட்ட. அன்னைக்கு ஸ்டுடியோக்காரங்க பல்ல கடிச்சுட்டு ரிசப்ஷனையும் எடுத்தாங்க, ஆனா போஸ் குடுக்காம இயல்பா இருக்கறப்ப எடுக்கற கேண்டிட் ஆள அனுப்பல, ஆல்பத்துல அந்தப் பதினஞ்சு ஷீட்டு வெளிச்சமே இல்லாம தனியா தெரியுது.

ரெண்டாவது வழி மணிக் கணக்கு. எங்க தம்பிக்கு இதுதான் பிடிச்சுது, வேல செஞ்ச நேரத்துக்கு காசு, இதுல என்ன சண்ட வரப்போகுதுன்னான். மணிக்கு 6,000 வீதம் பதினாறு மணிக்கு 96,000, ஆல்பம் 24,000, மொத்தம் 1,20,000. பேப்பர்ல சுத்தமா இருக்கு. மண்டபத்துல அப்படி இருக்காது. இங்க வரவேற்புல மேடைக்கு முன்னால மொய்க் கவரோட நிக்கற வரிசை எப்ப முடியும்னு யாராலயும் சொல்ல முடியாது, மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர் கைக்கடிகாரத்த பாத்துட்டே இருந்து "பத்தே கால் ஆச்சு, இனிமேல் எடுக்க வேண்டாம்"னு கேமராவ நிறுத்தச் சொல்வார், சரியா பத்தரைக்கு பாட்டி மேடை ஏறுவாங்க. அந்த போட்டோ இல்லைன்னா அந்த வீட்ல நம்ம பேரு என்ன ஆகும்னு யோசிங்க. ஸ்டுடியோவுக்கும் இது ஆகாது, ஏன்னா சனி ராத்திரி பதினொண்ணுல இருந்து ஞாயிறு விடியக்காலம் நாலரை வரைக்கும் டீம் பொள்ளாச்சி லாட்ஜ்லதான் படுத்திருக்கும், வேற வேலைக்குப் போக முடியாது, அந்த நேரம் பில்லுல வராது. மணிக் கணக்கு அவுட்டோர் ஷூட்டுக்கு, பிறந்த நாளுக்கு, காது குத்துக்கு நல்லாருக்கும். கல்யாணத்துக்கு வேண்டாம்னு முடிவு பண்ணோம்.

மூணாவதுதான் நாங்க எடுத்தது, வேளைக் கணக்கு. ஒரு வேளைன்னா தொடர்ச்சியா ஆறு மணி நேரம் வரைக்கும், நாலு மணி நேரத்துல முடிஞ்சாலும் ஒரு வேளைதான். ட்ரெடிஷனல் டீம், அதாவது ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர், லைட் பிடிக்க ஒரு ஆள், வேளைக்கு 20,000. கேண்டிட் போட்டோகிராபர் வேளைக்கு 14,000. சினிமாட்டிக் வீடியோ வேளைக்கு 16,000. ஆல்பம் ஷீட்டுக்கு 600. இதுல நம்ம கல்யாணத்த போடுங்க: ட்ரெடிஷனல் மூணு வேளைக்கும் வேணும், 60,000. கேண்டிட் வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் போதும், 28,000. சினிமாட்டிக் முகூர்த்தத்துக்கு மட்டும், 16,000. நாப்பது ஷீட் ஆல்பம் 24,000. ஆக 1,28,000. பொள்ளாச்சில ஒரு ராத்திரி ரூம் 2,500 சேத்தா 1,30,500.

மணிக் கணக்க விட பத்தாயிரம் கூடதானேன்னு கேப்பீங்க. கூடதான். ஆனா ஒவ்வொரு ரூவாயும் எங்க போச்சுன்னு அந்த அப்பாவுக்குத் தெரியும், கொழிஞ்சாம்பாறை ரிசப்ஷன மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தனியா பாத்துக்கறோம்னு சொன்னா அந்த 20,000 அப்படியே அவங்க பில்லுக்குப் போயிரும். ரெண்டு வீடு, ரெண்டு ஊரு, ரெண்டு பில்லு, பார்டர் கல்யாணத்துல இது ரொம்ப சாதாரணம், கட்டம் கட்டமா போடற சில்வர் கோல்டுல இத பிரிக்கவே முடியாது.

ஒரு குறை இருக்கு, மறைக்கல. வெறும் பார்ட்டு பார்ட்டா ரேட்ட மட்டும் போட்டா வர்றவங்க மொதல்ல மொத்தம் எவ்வளவுன்னுதான் கேப்பாங்க, அதுக்கு பிரவுச்சர்ல பதில் இல்லாட்டி பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க. அதனால மூணு கட்டமும் போட்டோம், ஆனா பேரு சில்வர் கோல்டு இல்ல, வேளைதான் பேரு. அச்சுக்குப் போன வாசகம் இது:

ஒரு வேளை: ரூ. 38,000. ஆறு மணி நேரம். ட்ரெடிஷனல் போட்டோ, வீடியோ. 30 ஷீட், 60 பக்க ஆல்பம் ஒண்ணு. கேண்டிட் இல்லை. சினிமாட்டிக் இல்லை.

இரு வேளை: ரூ. 92,000. வரவேற்பு ஆறு மணி நேரம், முகூர்த்தம் ஆறு மணி நேரம். ரெண்டு வேளையும் ட்ரெடிஷனல் போட்டோ, வீடியோ, கேண்டிட். 40 ஷீட், 80 பக்க ஆல்பம் ஒண்ணு. சினிமாட்டிக் இல்லை.

மூணு வேளை: ரூ. 1,28,000. மூணு வேளையும் ட்ரெடிஷனல் போட்டோ, வீடியோ. ரெண்டு வேளைக்கு கேண்டிட். முகூர்த்தத்துக்கு சினிமாட்டிக், அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸ். 40 ஷீட், 80 பக்க ஆல்பம் ஒண்ணு.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. "இல்லை"ங்கறத வேணும்னேதான் அச்சடிச்சோம். என்ன இருக்குன்னு மட்டும் எழுதற பிரவுச்சர்ல எழுதாதது எல்லாம் இருக்குன்னுதான் படிக்கறவங்க நெனப்பாங்க, அது மனுஷ சுபாவம். அப்புறம், கூட்டிப் பாத்தா தெரியும், கட்டத்து விலையும் தனித்தனி ரேட்டும் ஒண்ணுதான், பேக்கேஜ் எடுத்தா தள்ளுபடின்னு ஒண்ணும் கிடையாது. தள்ளுபடி போட்டு பேக்கேஜ் கட்டினா, "கேண்டிட் வேண்டாங்க, அத கழிச்சுக்கோங்க"ன்னு ஒருத்தர் சொல்றப்ப எவ்வளவு கழிக்கறதுங்கறது பெரிய பஞ்சாயத்து, முழு 14,000 கழிச்சா நமக்கு நஷ்டம், கம்மியா கழிச்சா அவருக்கு சந்தேகம். தள்ளுபடி குடுக்கணும்னா கடைசி பில்லுல ஒரே வரியா குடுத்துக்கலாம்.

ஆல்பம் விஷயத்த கொஞ்சம் விரிச்சே சொல்றேன், கல்யாணம் முடிஞ்சப்புறம் வர்ற சண்டைல நான் பாத்த வரைக்கும் ரொம்ப இங்கதான். 40 ஷீட்டுன்னா 12க்கு 36 இன்ச்சுல விரிச்சு வச்சா 40 பரப்பு, பக்கமா எண்ணினா 80. ஒரு பிரவுச்சர் 40 ஷீட்டுன்னும் இன்னொண்ணு 80 பக்கம்னும் போட்டா ரெண்டும் ஒண்ணுதான், ஆனா 80 பக்கக்காரர் டபுளா குடுக்கற மாதிரி தெரியும். அதனால ரெண்டையும் சேத்தே எழுதினோம். ஷீட்டுக்கு நாலு படம் வீதம் வச்சா 160 படம், கல்யாண வீட்டுக்காரங்க அத தேர்ந்தெடுக்கறதுக்கு ஆறு மாசம் எடுப்பாங்க, பொண்ணு மாப்பிள்ளை துபாய் போயிருவாங்க, மாமியார் ஒரு பக்கம் தனி லிஸ்ட் அனுப்புவாங்க. அதுக்குள்ள பேப்பர் விலை ஏறிரும். அதனால வாசகம்: "செலக்‌ஷன் 60 நாளுக்குள் தரணும். டிசைன்ல ரெண்டு தடவை திருத்தம் இலவசம், அதுக்கு மேல தடவைக்கு ரூ. 1,000. டிசைன் ஓகே ஆகி 30 நாள்ல ஆல்பம்." ஓகே ஆகிங்கற வார்த்த இல்லாம வெறும் 30 நாள்னு போட்டீங்கன்னா கல்யாணத்துல இருந்துதான் எண்ணுவாங்க, ஜாக்கிரத.

"அன்லிமிட்டெட் போட்டோ"ன்னு போடறத எடுத்துட்டோம். அதுக்குப் பதிலா, எடுத்த எல்லா படமும் கலர் திருத்தாம பென் டிரைவ்ல கிடைக்கும், வேளைக்கு 150 படம் திருத்தித் தரப்படும், ஆல்பம் குடுத்து ஆறு மாசம் வரைக்கும் எங்ககிட்ட காப்பி இருக்கும், அதுக்கப்புறம் பொறுப்பில்லன்னு எழுதியாச்சு. நீங்க கல்யாண வீட்டுக்காரங்கன்னா இன்னொண்ணும் கேளுங்க, கேமராவுல ரெண்டு கார்டு இருக்கா, ரெண்டுலயும் ஒரே நேரத்துல பதியுதான்னு. ஒரே கார்டு கேமராவுல கார்டு போச்சுன்னா முகூர்த்தமே போச்சு.

அட்வான்ஸ் கண்டிஷன்ல ரெண்டு மாதிரி பழக்கம் இருக்கு. "அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது"ன்னு ஒரே வரி போடறது ஒண்ணு, நாள் வச்சு படிப்படியா குறைக்கறது இன்னொண்ணு. மொதல் வரி தைரியமா தெரியும், ஆனா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நியாயமில்லாத ஒப்பந்தம்னு ஒண்ணு சொல்லிருக்காங்க, நமக்கு வந்த நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் போட்டா அதுல வரும். எட்டு மாசத்துக்கு முன்னாடியே கல்யாணம் நின்னுபோச்சு, அந்தத் தேதிய நாம வேறொருத்தருக்கு குடுத்தாச்சு, அப்ப நமக்கு என்ன நஷ்டம்? அதனால படிப்படிதான் எடுத்தோம்.

"புக்கிங்குக்கு மொத்தத்துல 30 சதவீதம், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் 50 சதவீதம், ஆல்பம் டிசைன் ஓகே ஆனதும் பிரிண்டுக்கு முன்னாடி 20 சதவீதம். 90 நாளுக்கு முன்னாடி ரத்து செஞ்சா ரூ. 5,000 போக மீதி அட்வான்ஸ் திரும்ப வரும். 90ல இருந்து 30 நாளுக்குள்ளன்னா பாதி. 30 நாளுக்குக் கீழ திரும்ப வராது. தேதி மாத்தினா, புது தேதில நாங்க ஃப்ரீயா இருந்தா அட்வான்ஸ் ஒரு தடவை அப்படியே மாறும், 12 மாசத்துக்குள்ள. ஹர்த்தால், பந்த், வெள்ளம்னு தேதி தள்ளிப்போனா இதே கணக்கு, பிடித்தம் கிடையாது."

நம்ம கல்யாணத்துக்கு போட்டா, ரூம் சேத்த 1,30,500க்கு புக்கிங் 39,150, முந்தின நாள் 65,250, கடைசி 26,100. கடைசி தவணைய ஆல்பம் கைக்கு வந்தப்புறம்னு வச்சா ஆல்பம் ஸ்டுடியோ அலமாரிலயே தூங்கும், பிரிண்ட் காசு நம்மது. முழுசும் கல்யாணத்துக்கு முன்னாடியே வேணும்னு கேட்டா கஸ்டமருக்கு கைல பிடி இல்ல. ரெண்டுக்கும் நடுவுலதான் இந்த டிசைன் ஓகேங்கற இடம். எலக்‌ஷன் நேரத்துல நடத்தை விதி இருக்கறப்ப கோபாலபுரம், வாளையார் வழியா 50,000க்கு மேல ரொக்கம் கொண்டு வராதீங்க, சரியான பேப்பர் இல்லாட்டி பறக்கும் படை பிடிச்சு வச்சுக்கும், யுபிஐல போட்டுருங்கன்னு போன்லயே சொல்லிடறோம், அத பிரவுச்சர்ல போடல.

எங்க பக்கத்து தப்புக்கும் ஒரு வரி வேணும்னு நான்தான் பிடிவாதமா நின்னேன். ஆவணி, தை மாதிரி மாசத்துல ஒரே நாள்ல ஊருக்கு ஏழெட்டு கல்யாணம் இருக்கும், நம்ம பக்கம் சிங்ஙமும் ஆவணியும் ஒண்ணாத்தானே வருது, ரெண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரத்துல ஆள் தட்டுப்பாடு. அப்ப சில ஸ்டுடியோ மூணு நாலு புக்கிங் எடுத்துட்டு வெளி ஆளுங்கள அனுப்புவாங்க, போர்ட்ஃபோலியோல பாத்த படம் ஒருத்தர் எடுத்தது, மண்டபத்துக்கு வர்றது வேறொருத்தர். அதனால "கேண்டிட் எடுப்பவர் பேர் ஒப்பந்தத்தில் இருக்கும், அவர் வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வோம், மாற்று ஆள் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் அந்த கேண்டிட் தொகை முழுதும் திரும்ப வரும்"னு போட்டோம். கல்யாண வீட்டுக்காரங்க வேற எந்த வரிய பாக்காட்டியும் இந்த வரி இருக்கான்னு பாருங்க.

மிச்சம் இருக்கறத சுருக்கமா சொல்லிடறேன். கொழிஞ்சாம்பாறைல இருந்து 30 கிலோமீட்டர் வரைக்கும் வண்டி செலவு எங்களது, அதுக்கு மேல வாடகைக் கார் பில் என்னவோ அது. விடியக்காலம் முகூர்த்தம்னா டீமுக்கு ரூம், ஒவ்வொரு வேளையும் சாப்பாடு உங்க பந்தில. ஆறு மணி நேரம் தாண்டி அரை மணி நேரம் வரைக்கும் காசு இல்ல, அதுக்கு மேல மணிக்கு ட்ரெடிஷனல் டீமுக்கு 3,500, கேண்டிட்டுக்கு 2,500. அந்த அரை மணி பாட்டிக்காகத்தான். ட்ரோன் பேக்கேஜ்ல எதுலயும் போடல, 2021 ட்ரோன் விதிப்படி ரெட் ஜோன்ல அனுமதி இல்லாம பறக்க விட முடியாது, மண்டபம் எங்க இருக்குன்னு தெரியாம "ட்ரோன் உண்டு"ன்னு அச்சடிக்கறது சும்மா வாய்ச் சவடால். ஜிஎஸ்டிய பொறுத்த வரைக்கும் வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கற ஸ்டுடியோ பதிய வேண்டிய அவசியம் இல்ல, பதிஞ்சவங்க பொதுவா 18 சதவீதம் போட்டாகணும். 1,30,500க்கு அது 23,490. பிரவுச்சர்ல விலைக்கு கீழ "ஜிஎஸ்டி தனி"ன்னு கண்ணுக்குத் தெரியாத எழுத்துல இருந்தா உங்க பட்ஜெட் அங்கயே ஓட்ட விழும், அதனால ரெண்டு ஸ்டுடியோவ ஒப்பிடறப்ப வரி சேத்த தொகைய கேட்டு ஒப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு, இதுல நிறைய ஸ்டுடியோ வெளிநாட்டு ஒப்பந்தத்த அப்படியே காப்பி அடிச்சு "படங்களின் காப்புரிமை ஸ்டுடியோவுக்கே"ன்னு போட்டுருப்பாங்க. நம்ம 1957 காப்புரிமைச் சட்டம் பிரிவு 17 வேற மாதிரி. காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், எடுக்கச் சொன்னவங்கதான் முதல் உரிமையாளர். அப்ப கல்யாணப் பொண்ணோட படத்த நாம இன்ஸ்டாகிராம்ல போடணும்னா கேட்டுத்தான் போடணும். பிரவுச்சர்ல ஒரு மூலைல ஒளிச்சு வச்ச வரிய சம்மதம்னு எடுத்துக்க எனக்கு மனசு வரல, புக்கிங் ஃபார்ம்ல ரெண்டு கட்டம் போட்டோம், "போடலாம்", "போட வேண்டாம்", அவங்களே டிக் பண்ணட்டும்.

அச்சுல ஒரு வேல பண்ணோம். கண்டிஷனும் என்னென்ன கிடைக்கும்ங்கறதும் நல்ல பேப்பர்ல, ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கம் மலையாளம். விலை மட்டும் தனி சீட்டு, மேல "ஆவணி முதல் ஆனி வரை"ன்னு போட்டு உள்ள சொருகறது. பேப்பர் விலை ஏறினா சீட்ட மட்டும் மாத்திக்கலாம்.